அடுத்து என்ன? நீள் வகுத்தலுக்கு ஓர் ஐந்து சொல் சுற்று

என் அண்ணன் மகள் ஐந்தாம் வகுப்பில் படித்தபோது ஒருநாள் 7238ஐ 24ஆல் வகுத்து, ஈவு 31, மீதி 14 என்று எழுதிக்கொண்டு வந்தாள். மீதி சரி. ஈவு 301 வந்திருக்க வேண்டும். இவளுக்கு இதில் எது தெரியவில்லை என்று தாளை வைத்துக்கொண்டு தேடினேன். 24 மூன்று தடவை 72 என்பது தெரிந்திருக்கிறது. 38இல் 24 போனால் 14 என்பதும் தெரிந்திருக்கிறது. நடுவில் ஓரிடத்தில் 3ஐக் கீழே இறக்கியிருக்கிறாள். மூன்றில் இருபத்துநாலு போகாது என்று கண்டதும், மேலே எதுவும் எழுதாமல் அடுத்த 8ஐயும் இறக்கிவிட்டாள். அவ்வளவுதான் நடந்தது.

மறுநாள் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, வாயைத் திறக்காமல் அவள் போடுவதைப் பார்த்தேன். பெருக்கும்போது தயங்கவில்லை. கழிக்கும்போதும் இல்லை. ஒரு வேலை முடிந்து அடுத்தது தொடங்கும் முன்புதான் பென்சில் நின்றது. "அத்தை, இப்போ கழிக்கணுமா, இறக்கணுமா?" ஒரே கணக்கில் நான்கு முறை இதே கேள்வி.

இந்த அத்தியாயம் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கானது. வாய்ப்பாடு ஓரளவு வரும், கழித்தல் வரும், ஆனால் நீள் வகுத்தலில் பாதி வழியில் தான் எங்கே நிற்கிறோம் என்பதே மறந்துபோகும். கடன் வாங்கிக் கழிப்பதே இன்னும் தடுமாற்றம் என்றால் இதைத் தொடங்க வேண்டாம். 152இலிருந்து 87ஐ உதவியில்லாமல் கழிக்க வருகிறதா என்று முதலில் பாருங்கள். வரவில்லையென்றால் கழித்தல் அத்தியாயத்துக்குத் திரும்பிப் போவதுதான் குறுக்கு வழி.

தயார் செய்ய வேண்டியவை

ஒரு விரல் அகலத்துக்கு அட்டைத் துண்டு ஒன்று வெட்டிக்கொள்ளுங்கள். பழைய கல்யாணப் பத்திரிகை போதும். அதில் ஐந்து கட்டம் போட்டு, இடமிருந்து வலமாக இந்த ஐந்து சொற்களை எழுதுங்கள்:

கேள் – எழுது – பெருக்கு – கழி – இறக்கு

அட்டையின் மேல் வைக்க ஒரு புளியங்கொட்டை வேண்டும். எந்த வேலை நடக்கிறதோ அந்தக் கட்டத்தில் கொட்டை இருக்கும். வேலை முடிந்ததும் அடுத்த கட்டத்துக்கு நகரும். 'இறக்கு' முடிந்தால் திரும்பவும் 'கேள்'. பிள்ளை நடுவில் எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வந்தாலும், எங்கே விட்டோம் என்பதைக் கொட்டை காட்டிவிடும். 'அடுத்து என்ன?' என்று உங்களிடம் கேட்டால் பதில் சொல்லாதீர்கள், அட்டையைக் காட்டுங்கள்.

கட்டம் போட்ட நோட்டு அவசியம். ஒரு கட்டத்துக்கு ஓர் இலக்கம். அது இல்லையென்றால் கோடு போட்ட நோட்டைப் பக்கவாட்டில் திருப்பிப் போட்டுக்கொள்ளுங்கள். கோடுகள் நெட்டுக்குத்தாக நின்று பத்திகளாகிவிடும். பத்தி தவறுவது சின்னக் குறையாகத் தெரியலாம். ஆனால் பத்துகளின் கீழே இருக்க வேண்டிய 3, ஒன்றுகளின் கீழே வழுக்கிவிட்டால் அதற்குப் பிறகு பிள்ளை செய்வதெல்லாம் வேறு ஒரு கணக்கு.

வாய்ப்பாடு அட்டையையும் திறந்து வையுங்கள். அதைப் பார்த்து எழுதினால் மனப்பாடம் கெடும் என்று வீட்டில் யாராவது சொல்வார்கள். மனப்பாடத்துக்கு வேறு நேரம் ஒதுக்குங்கள். இங்கே பழகப்போவது வரிசை. 'ஏழெட்டு எவ்வளவு' என்று மேலே பார்த்து யோசித்துவிட்டுத் திரும்பும் அந்தக் கணத்தில்தான் பாதிப் பிள்ளைகள் இடத்தைத் தொலைக்கிறார்கள்.

ரப்பரை மட்டும் தள்ளி வையுங்கள். தவறாக எழுதியதைக் குறுக்கே ஒரு கோடு போட்டு அடித்தால் போதும். நீள் வகுத்தலின் பெரிய வசதியே, செய்தது எல்லாம் தாளில் வரிசையாகக் கீழே கீழே நிற்பது. ஐரோப்பாவில் அதற்கு முன் பரவலாக இருந்த முறையில் இலக்கங்களை அடித்து அடித்து மேலே எழுதிக்கொண்டே போவார்கள். முடிந்த பிறகு எந்த இடத்தில் பிசகியது என்று கண்டுபிடிப்பது பெரும்பாடு. நாம் போடும் வடிவம் 1491இல் ஃபுளோரன்ஸில் அச்சான ஃபிலிப்போ காலாண்ட்ரியின் கணக்குப் புத்தகத்திலேயே இருக்கிறது. ஐந்நூறு ஆண்டுகளாகக் கிடைத்துவரும் இந்தத் தடயத்தை ரப்பரால் அழிப்பானேன்?

ஏன் இடப்பக்கத்திலிருந்து?

கூட்டல், கழித்தல், பெருக்கல் மூன்றையும் வலப்பக்கத்திலிருந்து தொடங்கச் சொல்லிவிட்டு, வகுத்தலை மட்டும் இடப்பக்கத்திலிருந்து தொடங்கச் சொல்கிறோம். காரணம் தெரியாத பிள்ளைக்கு இது வெறும் உத்தரவு, மறந்துபோகும். ஒருமுறை பணத்தை வைத்துக் காட்டிவிடுங்கள்.

952 ரூபாயை நான்கு பேருக்குச் சமமாகப் பிரிக்க வேண்டும். கையில் 9 நூறு ரூபாய்த் தாள், 5 பத்து ரூபாய்த் தாள், 2 ஒரு ரூபாய்க் காசு. யாராக இருந்தாலும் பெரிய தாளைத்தான் முதலில் பிரிப்பார்கள். ஆளுக்கு 2 நூறு கொடுத்தால் 8 தாள் போய்விடும், 1 மிஞ்சும். ஒரு தாளை நான்கு பேருக்குக் கிழித்துக் கொடுக்க முடியாது. அதைச் சில்லறை மாற்றினால் 10 பத்து ரூபாய். ஏற்கெனவே கையில் 5 பத்து இருக்கிறது, ஆக 15. இதைப் பிரித்தால் ஆளுக்கு 3 பத்து, 12 தாள் போக மிச்சம் 3. அதையும் சில்லறை மாற்றினால் 30 ஒரு ரூபாய், கையில் இருக்கும் 2ஐச் சேர்த்தால் 32. ஆளுக்கு 8. ஒன்றும் மிச்சமில்லை. ஒவ்வொருவருக்கும் 238.

தாளில் 'இறக்கு' என்று நாம் சொல்வது இந்தச் சில்லறை மாற்றும் வேலைதான். மிஞ்சிய 1க்குப் பக்கத்தில் 5ஐ இறக்கினால் 15 என்று ஆகிறதே, அது எண்களை ஒட்டவைக்கும் வித்தை இல்லை. ஒரு நூறு பத்துப் பத்துகளாகி, இருந்த 5 பத்துகளோடு சேர்ந்திருக்கிறது. இதை ஒரு தடவை கையால் செய்து பார்த்த பிள்ளை, கழித்து வந்த எண்ணை விட்டுவிட்டு வெறும் 5ஐ மட்டும் வைத்துக்கொண்டு போவது குறையும்.

சுற்று ஓடும் விதம்

அதே 952 ÷ 4ஐ இப்போது அட்டையோடு போடுவோம். பிள்ளை ஒவ்வொரு சொல்லையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். முணுமுணுப்பாக இருந்தாலும் சரி.

கேள்: ஒன்பதில் நாலு எத்தனை தடவை போகும்? இரண்டு தடவை. எழுது: 2ஐ 9க்கு நேர் மேலே. பெருக்கு: இரண்டு நாலு எட்டு, 9க்குக் கீழே 8. கழி: 1. இறக்கு: 5ஐக் கீழே கொண்டுவந்து 1க்குப் பக்கத்தில் வை. இறக்கியதும் மேலே இருக்கும் 5க்கு அடியில் சின்னதாக ஒரு டிக் போட வேண்டும். 9552 மாதிரி ஒரே இலக்கம் அடுத்தடுத்து வரும் எண்களில் எந்த 5ஐ இறக்கினோம் என்ற குழப்பம் வரும், டிக் அதைத் தீர்த்துவிடும்.

கொட்டை 'கேள்' கட்டத்துக்குத் திரும்புகிறது. பதினைந்தில் நாலு? மூன்று தடவை. 3ஐ 5க்கு நேர் மேலே. பன்னிரண்டு. கழித்தால் 3. இறக்க 2. மறுபடி 'கேள்': முப்பத்திரண்டில் நாலு எட்டுத் தடவை. எழுது, பெருக்கு, கழி, பூஜ்ஜியம். இறக்குவதற்கு ஒன்றும் இல்லை, எல்லா இலக்கத்துக்கும் டிக் விழுந்தாயிற்று. கணக்கு முடிவது அங்கேதான்.

```
    2 3 8
   -------
4 ) 9 5 2
    8
    ---
    1 5
    1 2
    -----
      3 2
      3 2
      ---
        0
```

முடிவு எங்கே என்பதை அழுத்திச் சொல்லுங்கள். கழித்துப் பூஜ்ஜியம் வந்தால் முடிந்தது என்று பல பிள்ளைகள் நினைக்கிறார்கள். அது தவறு. கழித்தல் முடிந்திருக்க வேண்டும், இறக்க இலக்கம் எதுவும் மிஞ்சியிருக்கக் கூடாது. இரண்டும் சேர்ந்தால்தான் நிறுத்தலாம்.

முதல் இரண்டு மூன்று நாள், வகுக்கும் எண் ஒற்றை இலக்கமாகவே இருக்கட்டும். ஒரு நாளைக்கு இரண்டு கணக்கு போதும். ஒரே மூச்சில் பத்துக் கணக்கு கொடுத்தால், ஐந்தாவதிலிருந்து கொட்டை நகராது. அவசரத்தில் பழைய பழக்கம் திரும்பிவிடும்.

பூஜ்ஜியம் காணாமல் போகும் இடம்

இப்போது 7238 ÷ 24. தொடங்கும் முன் செய்ய ஒரு வேலை இருக்கிறது, இந்த அத்தியாயத்தில் ஒன்றை மட்டும்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளச் சொல்வேன். வகுபடும் எண்ணை விரலால் மூடிக்கொண்டு, இடப்பக்கத்திலிருந்து ஒவ்வோர் இலக்கமாகத் திறக்க வேண்டும். 7 தெரிகிறது. ஏழில் இருபத்துநாலு போகுமா? போகாது. இன்னொன்றைத் திற: 72. போகும். அந்த 72க்கு மேலே ஒரு வளைவு போடு. வளைவின் கடைசி இலக்கமான 2க்கு மேலே ஒரு புள்ளி வை. அதற்கு வலப்பக்கம் இருக்கும் ஒவ்வோர் இலக்கத்துக்கும் ஒரு புள்ளி. ஆக மூன்று புள்ளி.

ஈவில் மூன்று இலக்கம் வரும் என்பது கணக்கைத் தொடங்கும் முன்பே தெரிந்துவிட்டது. இனி 31 என்ற விடை வரவே முடியாது, ஏனென்றால் ஒரு புள்ளி காலியாக நின்று முறைக்கும்.

சுற்று தொடங்குகிறது. எழுபத்திரண்டில் இருபத்துநாலு மூன்று தடவை. முதல் புள்ளியில் 3. பெருக்கினால் 72, கழித்தால் 0, இறக்க 3. கொட்டை 'கேள்' கட்டத்தில். மூன்றில் இருபத்துநாலு எத்தனை தடவை?

என் அண்ணன் மகள் வழி தவறியது இந்த இடத்தில்தான். 'போகாது' என்று சொல்லிவிட்டு அவள் அடுத்ததை இறக்கினாள். 'போகாது' என்ற சொல்லைத்தான் நான் தடை செய்தேன். கேள்வி 'எத்தனை தடவை' என்பது. அதற்குப் பதில் ஓர் எண்ணாக இருக்க வேண்டும். எத்தனை தடவை? பூஜ்ஜியம் தடவை. எண் என்றால் அதை எழுத வேண்டும். இரண்டாவது புள்ளியில் 0. பெருக்கு: பூஜ்ஜியம் இருபத்துநாலு பூஜ்ஜியம். கழி: மூன்றில் பூஜ்ஜியம் போனால் மூன்று. இறக்கு: 8. இப்போது 38. ஒரு தடவை, 24, மிச்சம் 14.

```
       3 0 1
     -------
24 ) 7 2 3 8
     7 2
     -----
       0 3
         0
       -----
         3 8
         2 4
         ---
         1 4
```

பூஜ்ஜியத்தைப் பெருக்கிக் கழிக்கும் இரண்டு வரி வீண் என்று தோன்றும். பெரியவர்கள் யாரும் அதை எழுதுவதில்லை. ஆனால் பழகும் பிள்ளைக்கு அந்த இரண்டு வரியும் வேண்டும். சுற்று எந்த எண்ணுக்காகவும் குறுகாது, எங்கேயும் தாண்டிக் குதிக்காது என்று அறிந்தால்தான் அது சுற்றை நம்பும். சில வாரம் கழித்து, தானே அந்த வரிகளை விட்டுவிடும். நீங்கள் சொல்லித் தர வேண்டியதில்லை.

வீட்டில் உள்ளவர்கள் 'ரெண்டு இறக்கினா ஒரு சைபர் போடணும்' என்று சொல்லிக் கொடுப்பதுண்டு. எனக்கும் அப்படித்தான் சொல்லித் தந்தார்கள். விதி பொய்யில்லை. ஆனால் இரண்டு இறக்கினோமா என்பதை நினைவில் வைத்திருக்க வேண்டும், மூன்று இறக்கினால் எத்தனை சைபர் என்று யோசிக்க வேண்டும், கடைசியில் இறக்கியது போகாவிட்டால் என்ன செய்வது என்பதற்கு அதில் பதிலும் இல்லை. 843 ÷ 4 போட்டுப் பாருங்கள். 8க்கு 2, 4க்கு 1. கடைசியில் 3ஐ இறக்குகிறோம், இரண்டாவதாக இறக்க ஒன்றுமில்லை. விதியை நம்பிய பிள்ளை 21, மீதி 3 என்று எழுதிவிடும். சரியான ஈவு 210. 'ஒன்று இறக்கினால் மேலே ஒன்று எழுது' என்று மட்டும் சொல்லிக் கொடுத்தால் இந்த எல்லாச் சிக்கலும் ஒரே அடியில் போய்விடும்.

இன்னொரு வீட்டுப் பழக்கத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். நம்மில் பலர் ஈவை வலப்பக்கத்தில் எழுதிப் பழகியவர்கள்: 24 ) 7238 ( 301. இந்த வடிவத்தில் கணக்குத் தவறில்லை, ஆனால் ஈவின் இலக்கங்கள் எதற்கும் நேராக நிற்பதில்லை. 3க்குப் பிறகு நேராக 1ஐ எழுதினால் கண்ணுக்கு எந்தக் குறையும் தெரியாது. மேலே எழுதும்போது ஒவ்வோர் இலக்கமும் தன் பத்தியில் நிற்கிறது, இடைவெளி விழுந்தால் பல் விழுந்த வாய்போல் தெரிந்துவிடும். பள்ளியில் வலப்பக்கம் எழுதச் சொன்னால், அங்கே அப்படியே எழுதட்டும். ஆனால் வகுபடும் எண்ணின் மேல் புள்ளிகளை வைத்துவிட்டு, அதே எண்ணிக்கையில் வலப்பக்கமும் புள்ளி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

இரண்டு மணி

வகுக்கும் எண் இரண்டு இலக்கமாகும்போது 'கேள்' கட்டத்தில் ஊகிக்க வேண்டியிருக்கிறது. 24க்கு வாய்ப்பாடு யாரும் மனப்பாடம் செய்வதில்லை. ஊகம் தவறும். தவறினால் எப்படித் தெரியும், தெரிந்தால் எங்கே திரும்பிப் போவது என்பதையும் சுற்றுக்குள் வைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் பிள்ளை அங்கேயே கணக்கைக் கைவிட்டுவிடும்.

15983 ÷ 37ஐ எடுத்துக்கொள்வோம். 1 போதாது, 15 போதாது, 159 போதும். 9க்கு மேல் ஒரு புள்ளி, 8க்கும் 3க்கும் ஒவ்வொன்று. ஈவு மூன்று இலக்கம்.

நூற்றைம்பத்தொன்பதில் முப்பத்தேழு எத்தனை தடவை? பிள்ளை முப்பதை மட்டும் பார்த்து, பதினைந்தில் மூன்று ஐந்து தடவை என்று சொல்லி 5 எழுதுகிறது. பெருக்கினால் 185. இது 159ஐவிடப் பெரியது, கழிக்கவே முடியாது. இது முதல் எச்சரிக்கை மணி: பெருக்கி வந்தது மேலே இருப்பதைவிடப் பெரியதாக இருந்தால், எழுதிய இலக்கம் பெரிது. கொட்டை 'எழுது' கட்டத்துக்குத் திரும்புகிறது. 5ஐ அடித்து 4 எழுது. 148. கழித்தால் 11. இறக்க 8, இப்போது 118.

இந்த முறை சுட்டுக்கொண்ட பிள்ளை பயந்து குறைத்துச் சொல்லும். 2 என்று எழுதுகிறது. பெருக்கினால் 74, கழித்தால் 44. எல்லாம் ஒழுங்காக நடந்ததுபோல் இருக்கும், அதனால் இந்தத் தவறு முந்தையதைவிடப் பொல்லாதது. கழித்து வந்த 44ஐ 37ஓடு ஒப்பிட்டால்தான் பிடிபடும். மிச்சத்தில் இன்னொரு 37 இருக்கிறது, அதை விட்டுவிட்டு வந்திருக்கிறோம். இது இரண்டாவது மணி: கழித்து வந்தது வகுக்கும் எண்ணுக்குச் சமமாகவோ அதைவிடப் பெரியதாகவோ இருந்தால், எழுதிய இலக்கம் சிறிது. மறுபடி 'எழுது'. 2ஐ அடித்து 3. பெருக்கினால் 111, கழித்தால் 7. இறக்க 3, இப்போது 73. ஒரு தடவை, 37, மிச்சம் 36.

```
         4 3 1
     ---------
37 ) 1 5 9 8 3
     1 4 8
     -------
       1 1 8
       1 1 1
       -----
           7 3
           3 7
           ---
           3 6
```

மீதி 36 என்றதும் பல பிள்ளைகள் 'இவ்வளவு பெரிய மீதியா?' என்று திரும்பப் போடத் தொடங்குவார்கள். மீதி பெரிதா சிறிதா என்பது தனியாகப் பார்த்துச் சொல்வதில்லை, 37ஐவிடச் சிறிதா என்பதே கேள்வி. 36 சிறிது. மணி அடிக்கவில்லை. விடை சரி.

இரண்டாவது மணியைக் கேட்காமல் போனால் என்ன ஆகும் என்று ஒருமுறை போட்டுக் காட்டுங்கள். 44க்குப் பக்கத்தில் 3ஐ இறக்கினால் 443. அதில் 37 பதினோரு தடவை போகும். ஒரு புள்ளியில் 11 எழுத வேண்டியிருக்கும். ஒரு புள்ளிக்கு இரண்டு இலக்கம் கேட்டாலே முந்தைய சுற்றில் ஏதோ விட்டுப்போயிருக்கிறது என்று பொருள். பிள்ளைகள் எழுதும் 4211 போன்ற நீளமான விடைகள் இப்படித்தான் பிறக்கின்றன.

ஊகமே பெரும் தொல்லையாக இருக்கும் பிள்ளைக்குத் தாளின் ஓரத்தில் 37இன் மடங்குகளை முதலிலேயே எழுதவிடுங்கள்: 37, 74, 111, 148, 185, 222, 259, 296, 333. பெருக்க வேண்டாம், 37ஐக் கூட்டிக்கொண்டே போனால் போதும். ஒன்பதாவதோடு இன்னொரு 37ஐக் கூட்டினால் 370 வர வேண்டும். வராவிட்டால் நடுவில் எங்கோ கூட்டல் தவறியிருக்கிறது. பட்டியல் இருக்கும்போது 'கேள்' என்பது பட்டியலில் 159ஐத் தாண்டாத கடைசி எண்ணைத் தேடும் வேலையாகிவிடும், மணி அடிக்கவே வேண்டியிருக்காது. தேர்வில் நேரம் போதாது என்ற கவலை வந்தால், பிறகு 1, 2, 5 மடங்குகளை மட்டும் எழுதப் பழக்கலாம்: 37, 74, 185. 159 என்பது 74க்கும் 185க்கும் நடுவில், 185க்கு அருகில். ஆகவே 4. ஐந்தாவது மடங்கு 370இல் பாதி என்பதால் அதற்கும் பெருக்கல் வேண்டாம்.

தாளைப் படிப்பது

விடை தவறினால் பிள்ளையிடம் 'திரும்பப் போடு' என்று சொல்வதால் பயன் குறைவு. அதே தவறு அதே இடத்தில் திரும்ப வரும். முதலில் ஈவை வகுக்கும் எண்ணால் பெருக்கி, மீதியைக் கூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். 431ஐ 37ஆல் பெருக்கினால் 15947, அதோடு 36 சேர்ந்தால் 15983. தொடங்கிய எண் கிடைத்துவிட்டது. கிடைக்காதபோது தாளை நீங்கள் வாங்கிப் பாருங்கள்.

புள்ளி காலியாக இருந்தால் 'எழுது' தவறியிருக்கிறது. ஓர் இலக்கத்துக்கு டிக் இல்லையென்றால் 'இறக்கு' தவறியிருக்கிறது. பெருக்கிய எண்ணுக்கு அடியில் கோடு போட்டுக் கழிக்காமல் அடுத்த இலக்கம் இறங்கியிருந்தால் 'கழி'. ஒவ்வொரு கழித்தலுக்கும் பிறகு வந்த எண்ணை வகுக்கும் எண்ணோடு ஒப்பிட்டுக்கொண்டே கீழே போங்கள், மணி அடித்தும் கேளாமல் போன இடம் தெரிந்துவிடும். நான்கு ஐந்து தாள்களை இப்படிப் பார்த்தால், பெரும்பாலும் ஒரு பிள்ளை ஒரே கட்டத்தில்தான் திரும்பத் திரும்பத் தவறுவது தெரியும். அட்டையில் அந்தக் கட்டத்துக்கு மட்டும் சிவப்பு மை பூசிவிடுங்கள். என் அண்ணன் மகளுடைய அட்டையில் 'எழுது' சிவப்பாக இருந்தது.

பயிற்சிக் கணக்குகளைப் புத்தகத்தில் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். விடையை முதலில் முடிவு செய்துவிட்டால் கணக்கை நீங்களே செய்யலாம். நடுவில் பூஜ்ஜியம் வர வேண்டுமா? 206 என்று ஓர் ஈவை எடுத்துக்கொண்டு 4ஆல் பெருக்குங்கள், 824. மீதி வேண்டுமென்றால் 4ஐவிடச் சிறிய ஓர் எண்ணைக் கூட்டுங்கள், 3 கூட்டினால் 827. பிள்ளைக்குக் கொடுக்க வேண்டியது 827 ÷ 4. கடைசியில் பூஜ்ஜியம் வேண்டுமென்றால் 150ஐ 5ஆல் பெருக்கி 750 கொடுங்கள். இப்படிச் செய்யும்போது விடை உங்கள் கையிலேயே இருக்கும், சரிபார்க்க உட்கார வேண்டியதில்லை.

கொட்டையை எப்போது எடுப்பது? நாளுக்கு இரண்டு கணக்கு, இரண்டும் சரி என்று தொடர்ந்து ஐந்து நாள் ஓடினால் கொட்டையை எடுத்துவிட்டு அட்டையை மட்டும் வையுங்கள். அதன் பிறகும் ஒரு வாரம் ஓடினால் அட்டையைக் கவிழ்த்து வைக்கலாம், தடுமாறும்போது பிள்ளை தானே திருப்பிப் பார்க்கட்டும். புள்ளி வைப்பதை மட்டும் நிறுத்த விடாதீர்கள். தேர்வுத் தாளிலும் பென்சிலால் வைக்கலாம்.